சுண்டுவிரல் இடுக்கில் ஒரு வெடிப்பு: தாராவி யானைக்கால் நோயாளி ஒருவரின் 16 மாதங்கள்

ஜூலை மாதம், மும்பையில் மழை மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மகன் ஒரு பக்கமும் மருமகள் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்க, அந்த அக்கா கிளினிக்குக்குள் வந்தார். போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தும் பல் கிட்டியது. காய்ச்சல் 103 டிகிரி. இடது கால் முழங்காலுக்குக் கீழே சிவந்து, தொட்டால் சுட்டது. "நேத்து சாயங்காலம் குளிர் எடுத்துச்சு டாக்டரம்மா. ராத்திரிக்குள்ள நெறி கட்டிக்கிச்சு. இந்த வருஷம் இது ஏழாவது தடவை" என்றார்.

வயது 54. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவர். வீட்டிலேயே இட்லி ஊற்றும் தொழில். கணவரும் மகனும் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து விடியற்காலையில் விற்கப் போவார்கள். காலில் வீக்கம் தொடங்கி 19 வருஷம் ஆகிறது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையில் பழைய சீட்டுகள் ஒரு கட்டு இருந்தன. பல இடங்களில் பல பேர் எழுதியவை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மருந்துதான்: டைஎதில்கார்பமசின், அதாவது ஊரில் யானைக்கால் மாத்திரை என்று சொல்வது. காய்ச்சல் வந்த ஒவ்வொரு தடவையும் 12 நாள், 21 நாள் என்று அதை விழுங்கியிருக்கிறார். காய்ச்சல் தானாகவே ஒரு வாரத்தில் இறங்கும். மாத்திரையால் இறங்கியது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் திரும்ப வரும்.

கோளாறு இங்கேதான். யானைக்கால் நோயைப் பெரும்பாலும் கொண்டுவருவது உச்செரீரியா என்ற நூல் போன்ற புழு. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. வளர்ந்த புழுக்கள், திசுக்களில் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்களுக்குள் சுமார் ஐந்து முதல் ஏழு வருஷம் குடியிருக்கும். அவை இருக்கும் இடத்தில் குழாய் அகன்று, உள்ளேயிருக்கும் வால்வுகள் பழுதாகிவிடும். புழு செத்த பிறகும் அந்தக் குழாய் பழையபடி ஆவதில்லை. மேலே ஏற வேண்டிய நிணநீர் காலிலேயே தங்குகிறது. அதில் புரதம் அதிகம் என்பதால் தோலும் அடித்திசுவும் மெல்ல மெல்லக் கெட்டியாகின்றன. இந்த அக்காவுக்கு இரவு 11 மணிக்கு எடுத்த ரத்தத்தில் புழுக்குஞ்சு இல்லை, புழுவின் புரதத்தைக் காட்டும் அட்டைப் பரிசோதனையும் நெகடிவ். இத்தனை வருஷம் கழித்துப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். காலில் புழு இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது புழு மாத்திரைக்கு அங்கே என்ன வேலை?

அப்படியானால் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது? சிவப்பு எந்தத் திசையில் நகர்ந்தது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். உயிரோடிருக்கும் புழு சாகும்போதும் அழற்சி வரும். ஆனால் அது தொடை இடுக்கிலிருந்தோ தொடையிலிருந்தோ கயிறு மாதிரி ஒரு தடிப்பாகக் கீழ்நோக்கி இறங்கும்; காய்ச்சல் பெரிதாக இருக்காது. பாக்டீரியா நுழைந்தால் பாதத்தில் தொடங்கும், தோல் தகடு மாதிரி சிவந்து மேலே ஏறும், குளிர் ஜுரம் தூக்கிப்போடும், பிறகுதான் நெறி கட்டும். "முதல்ல எங்க எரிஞ்சுது?" என்று கேட்டேன். யோசிக்காமல் சுண்டுவிரல் பக்கத்தைக் காட்டினார்.

விரல்களைப் பிரிக்கவே சிரமமாக இருந்தது. வீக்கத்தில் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல், ராத்திரி முழுக்க ஊறிய அரிசி மாதிரி வெளுத்துப் பொத்துப் போயிருந்தது. துணியால் மெல்ல ஒற்றியதும் அடியில் அரை சென்டிமீட்டர் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு வெடிப்பு. சேற்றுப்புண்தான். அதை அவர் ஒரு வியாதியாகவே எண்ணவில்லை. "மாவு அரைக்கிறவ கால்ல இது இல்லாம இருக்குமா?" என்றார்.

இரண்டாவது இடம் எனக்கே முதலில் தெரியவில்லை. மருமகள்தான் சொன்னாள். இரண்டாம் விரலில் மெட்டி. கல்யாணத்துக்குப் போட்டது. விரல் வீங்க வீங்க வெள்ளி உள்ளே போய், மேலே தோல் மூடி, ஒரு கோடு மட்டும்தான் மினுங்கியது. அதற்கடியில் கசிவு, நாற்றம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணுக்கால் சுற்றளவு இடதில் 34 சென்டிமீட்டர், வலதில் 23. கெண்டைக்காலில் 47, 35. கணுக்காலுக்கு முன்னால் ஒரு ஆழமான மடிப்பு. விரலால் பிரித்தால்தான் அடி தெரியும். யானைக்கால் வீக்கத்தை ஏழு படிகளாகப் பிரிப்பார்கள், ஆழமான மடிப்பு வந்துவிட்டால் ஐந்தாம் படி. இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தேன், வரவில்லை; நிணநீர் வீக்கத்துக்கு அது நல்ல அடையாளம். சர்க்கரை இல்லை. இதயம், சிறுநீரகம், தைராய்டு சரி. டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டு இல்லை, பாதத்து நாடியும் நன்றாகக் கிடைத்தது. வயிற்று ஸ்கேனில் குழாயை அழுத்தும் கட்டி எதுவும் இல்லை. ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால், கும்பகோணத்துக்காரர் என்பதற்காகவே யானைக்கால் என்று எழுதிவிடக் கூடாது, இவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அன்றைக்குச் செய்தது இவ்வளவுதான். அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 10 நாள். பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைப் போடச் சொன்னேன். சிவப்பின் விளிம்பைப் பேனாவால் கோடு போட்டேன். இரண்டு நாளில் கோட்டைத் தாண்டிப் போனாலோ, கொப்புளம் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, வாந்தியோ உளறலோ வந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. கட்டுப் போடுவது, உருவி விடுவது, உடற்பயிற்சி எதுவும் இந்த நாட்களில் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது. வீட்டில் இதுவரை அதைத்தான் செய்துவந்தார்கள். வீங்கிச் சிவந்த கால் அதில் இன்னும் வீங்கும், உணர்ச்சி குறைந்த தோல் வெந்தும் போகும்.

நாலாம் நாள் காய்ச்சல் நின்றது. எட்டாம் நாள் மெட்டியைப் பற்றிப் பேச்சு எடுத்தேன். கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர், "வெட்டிடுங்க டாக்டர், கால் இருந்தாத்தானே மெட்டி" என்றார். சிறிய கட்டர் கொண்டு இரண்டு இடத்தில் வெட்டி எடுத்தோம். வலது கால் மெட்டி இருக்கிறது, அது போதும் என்று அக்காவே முடிவு செய்துகொண்டார். வெட்டிய துண்டைத் தாளில் மடித்துக் கொண்டுபோனார்.

அடுத்தது கழுவும் முறை. கேட்டால் "தினமும் கால் கழுவுறேனே" என்பார்கள். அதனால் கிளினிக்கிலேயே ஒரு ஸ்டூல், ஒரு வாளி, ஒரு மக் வைத்து மருமகளையும் கூட நிறுத்திக்கொண்டு செய்துகாட்டினேன். தண்ணீர் அறைவெப்பத்தில்தான், சூடு கூடாது. சாதாரணக் குளியல் சோப்பு போதும். முழங்காலில் தொடங்கிக் கீழே வர வேண்டும், பாதம் கடைசியில். நுரையைக் கையாலேயே தேய்க்க வேண்டும். தேங்காய் நார், பிரஷ், தேய்க்கும் கல் எதுவும் படக்கூடாது, அவை கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். மடிப்பை ஒரு கையால் விரித்து மறு கைவிரலை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். விரலிடுக்குகள் நாலையும் ஒவ்வொன்றாக. அப்புறம் வழியும் தண்ணீர் தெளியும்வரை ஊற்ற வேண்டும். முதல் நாள் அந்த மடிப்பிலிருந்து வந்த தண்ணீர், அரிசி களைந்த முதல் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது. ஒன்றரை வாளி ஆனது.

கழுவுவதை விட முக்கியம் துடைப்பது. உண்மையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஈரத்தோடு விட்ட இடுக்கு, கழுவாத இடுக்கை விட மோசம். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்குக்குள் துண்டு போகாது. பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்த நாடாவை இடுக்கில் நுழைத்து ஒற்றச் சொன்னேன், மடிப்புக்கும் அதேதான். நாடாக்களைத் தினம் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலிலோ ஃபேன் காற்றிலோ நன்றாகக் காயவைக்க வேண்டும், வேறு யாரும் எடுக்கக் கூடாது. துடைத்த பிறகு ஐந்து நிமிடம் ஃபேன் முன்னால் காலை நீட்டி உட்கார வேண்டும். அதன் பிறகு இடுக்கில் குளோட்ரிமசோல் களிம்பு, நாளுக்கு இரண்டு வேளை, மெல்லிய பூச்சாக மட்டும். வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு அப்பினால் அதுவே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். காலின் மற்ற இடங்களில் தோல் வறண்டு வெடிக்காமல் இருக்க வாசலின் தடவலாம், ஆனால் இடுக்கில் படக்கூடாது.

அவருக்குக் குனிந்து விரலிடுக்கைப் பார்க்க முடியாது. காலும் கனம், உடம்பும் கனம். கணவர் சவரம் செய்யும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கப் பழகினார். மருமகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு இடுக்கையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

முதல் மூன்று வாரத்துப் படங்களில் முன்னேற்றமே இல்லை. வெண்மை அப்படியே இருந்தது. கழுவவில்லையோ என்று சந்தேகப்பட்டேன். அது என் தப்பு. கழுவாமல் இல்லை, நான் சொன்ன நேரம்தான் தவறு. "காலையில எழுந்ததும் கழுவுங்க" என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். இட்லிக்காரர் வீட்டில் காலை என்பது ராத்திரி இரண்டரை மணி. கழுவித் துடைத்துக் களிம்பு பூசிவிட்டு, அடுத்த நாலைந்து மணி நேரம் ஆவியிலும் ஈரத்தரையிலும் வெறுங்காலோடு நிற்கிறார். விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்துவிடும். பாத்திரம் கழுவ மோரியில் இன்னும் ஒரு மணி நேரம். சாயங்காலம் கிரைண்டர் ஓடும்போது மறுபடி ஈரம். பூசிய களிம்பு முதல் அரைமணியிலேயே போயிருக்கும்.

ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கிரைண்டருக்குக் கீழே தரை எப்போதும் நனைந்தே இருந்தது, மாவுத் தண்ணீர் மோரிப் பக்கம் வாட்டம் இல்லாமல் தேங்கியது. மகன் ஒரு பழைய மரப்பலகையை இரண்டு செங்கல் மேல் வைத்தான். அவ்வளவுதான், கால் ஈரத்திலிருந்து நாலு அங்குலம் மேலே வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் வேலை மருமகளுக்கு மாறியது. அதற்குப் பதில் மாவு கலக்குவதை அக்கா எடுத்துக்கொண்டார். கால் கழுவும் நேரத்தைக் காலை பத்தரைக்குத் தள்ளினோம், ஈர வேலை எல்லாம் முடிந்த பிறகு. ராத்திரி படுக்கும் முன் சோப்பு இல்லாமல் ஈரத்துணியால் ஒற்றி, துடைத்து, களிம்பு. அடுத்த இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடிவிட்டது. மருந்து அதேதான், மாறியது நேரமும் பலகையும்தான்.

செருப்புக்குத் தாராவியை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. தோல் வேலை செய்யும் சந்தில் ஒருவர் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் அடியில் அகலமான வார் வைத்து, வீக்கத்துக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைக்க வெல்க்ரோ ஒட்டிக் கொடுத்தார். விரலைக் கவ்வும் வார் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மழைத்தண்ணீரில் நடக்க வேண்டி வந்தால், வீட்டுக்கு வந்தவுடன் அந்தக் காலைக் கழுவித் துடைத்துவிட வேண்டும், பத்தரை வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. மருமகள் தனியாக என்னிடம் வந்து, "அத்தை கால்ல கை வெச்சா எனக்கும் வருமா? வயித்துல குழந்தை இருக்கு" என்று கேட்டாள். தொட்டால் ஒட்டாது; கொசு வழியாக மட்டும்தான், அதுவும் ரத்தத்தில் புழுக்குஞ்சு இருப்பவரைக் கடித்த கொசு வழியாக. அக்காவுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. இட்லி போடுகிறவருக்கு யானைக்கால் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? 19 வருஷமாகப் புடவையைத் தரையில் இழுபட இழுபடக் கட்டி மறைத்திருக்கிறார். அந்தப் புடவைக் கரையின் ஈரமும் அழுக்கும் கணுக்கால் மடிப்பில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்குள் வேலை செய்யும்போது மட்டும் நைட்டிக்கு மாறச் சொன்னேன், அது நடந்தது.

கடைசி அழற்சி அடங்கி ஐந்து வாரம் கழித்து, செப்டம்பரில்தான் கட்டுப் போட ஆரம்பித்தோம். அதிகம் இழுபடாத பருத்திக் கட்டு, விரலடியில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. மடிப்புக்குள் மெல்லிய துணிப்பட்டை வைத்து அதன் மேல் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பே புண்ணாகும். அக்டோபர் வெயிலில், அடுப்புச் சூட்டில், அவரால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. நான் வற்புறுத்தவில்லை. மத்தியானம் படுக்கும் நேரத்தில் கட்டோடு காலை உயர்த்தி வைப்பது, உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டார். புத்தகப்படி இது போதாது. ஆனால் செய்யாத முழு முறையைவிடச் செய்கிற பாதி முறைதான் காலுக்குப் போய்ச் சேரும்.

தினமும் பென்சிலின் மாத்திரை கொடுத்து வைக்கலாமா என்றும் யோசித்தேன். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், 250 மில்லிகிராம் இரண்டு வேளையாக ஒரு வருஷம் சாப்பிட்டவர்களில் 22 சதவீதத்தினருக்குத்தான் அழற்சி திரும்ப வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 37 சதவீதம். ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகு அந்தப் பலன் தங்கவில்லை. ஏற்கனவே கால் வீங்கியவர்களுக்கும் பலமுறை வந்தவர்களுக்கும் பலன் குறைவாகவே இருந்தது. இவருக்கு நுழைவாயில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதால் அதை மூடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தள்ளிவைத்தேன். விரலிடுக்கு சுத்தமாக இருந்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அக்டோபர் கடைசியில் ஊரில் ஒரு சாவு. பத்து நாள் கும்பகோணம். ரயிலில் காலைத் தொங்கவிட்ட பயணம், அங்கே கிணற்றடியில் நின்று வேலை, நாடாவும் களிம்பும் மும்பையிலேயே மறந்து போயிற்று. திரும்பி வந்த மூன்றாம் நாள் குளிர். மருமகள் அனுப்பிய படத்தில் அதே இடுக்கு, அதே வெண்மை. இந்த முறை முதல் நாளே அமாக்சிசிலின் தொடங்கினார்கள், மூன்று நாளில் அடங்கியது. வந்து உட்கார்ந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "திட்டாதீங்க." திட்டுவதற்கு ஒன்றுமில்லை. பத்து நாள் விட்டால் என்ன ஆகும் என்பதை எந்தச் சீட்டிலும் இவ்வளவு தெளிவாக எழுத முடியாது. பயணப்பைக்கு என்றே இன்னொரு நாடாக் கட்டும் ஒரு களிம்பும் வாங்கி வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் ஆகஸ்டில் ஒரு தடவை லேசாக வந்தது, தண்ணீர் சந்துக்குள் முழங்கால் வரை ஏறிய வாரம். அதோடு சரி. முந்தைய 12 மாதத்தில் ஏழு. அதன்பின் 16 மாதத்தில் இரண்டு. கணுக்கால் 34-லிருந்து 31, கெண்டைக்கால் 47-லிருந்து 43. கட்டு அரைகுறையாகத்தான் போடப்பட்டது. சுற்றளவு குறைந்ததில் பெரும் பங்கு காய்ச்சல்கள் நின்றதற்கே என்பது என் கணிப்பு. ஒவ்வொரு அழற்சியும் மிச்சமிருக்கும் சின்ன நிணநீர்க் குழாய்களையும் கெடுத்துவிட்டுப் போகும், கால் இன்னும் வீங்கும், மடிப்பு ஆழமாகும், அடுத்த வெடிப்புக்கு இடம் கிடைக்கும். இந்தச் சுற்று எங்கேயாவது அறுபட வேண்டும், நம் கைக்கு எட்டுவது விரலிடுக்கு மட்டும்தான்.

கெட்டியான தோல் அப்படியேதான் இருக்கிறது. மடிப்பு ஆழம் குறைந்தது, மறையவில்லை. "கால் பழையபடி ஆகுமா?" என்று கணவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆகாது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "காய்ச்சல் வராம இருந்தா சரி. ஏழு தடவைன்னா ஏழு வாரம் இட்லி இல்லையே" என்பார் அக்கா.

நவம்பரில் கடைசியாக வந்தபோது நான் கேட்கும் முன்பே காலை நீட்டினார். சுண்டுவிரல் இடுக்கு காய்ந்து, சாதாரணத் தோல் நிறத்தில் இருந்தது. "அது இல்ல, பக்கத்து விரலைப் பாருங்க" என்றார். மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவே, மிளகு அளவுக்கு ஒரு வெண்மை. வெடிக்கவில்லை. முந்தின நாள் கண்ணாடியில் பார்த்துத் தானே களிம்பைத் தொடங்கிவிட்டாராம்.